இரண்டு பக்கக் கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மார்ச் மாதச் சம்பளம் ஏப்ரல் 5ஆம் தேதி வந்திருக்க வேண்டும். இன்று 17. முதலாளி நல்ல மனிதர், மனம் நோகும்படி கேட்கவும் தயக்கம். வீட்டு நிலைமையை விளக்கி இரண்டு பக்கக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். கொடுக்கலாமா? அல்லது வேறு வேலை தேடுவதுதான் சரியா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துப்போடுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் அப்படி ஒன்று எழுதியவன்தான்.

அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்த காலம். சம்பளம் இரண்டு வாரம் தள்ளிப்போயிற்று. வாடகை பாக்கி, தங்கையின் படிப்பு என்று உருக்கமாக எழுதிக் கொடுத்தேன். முதலாளி கண்கலங்கிவிட்டார். பாதிச் சம்பளம் அளவுக்குப் பணத்தை எடுத்து நீட்டினார். கும்பிட்டு வாங்கிக்கொண்டு, கணக்கர் காட்டிய சீட்டில் கையெழுத்துப் போட்டேன். அதில் 'முன்பணம்' என்று எழுதியிருந்ததை அடுத்த மாதம் பிடித்தம் செய்தபோதுதான் கவனித்தேன். ஊரார் பிழையையெல்லாம் திருத்தியவன்! தள்ளிப்போன சம்பளம் அப்படியே நின்றது. அவர் ஏமாற்றவில்லை. நான் உதவி கேட்டேன், அவர் உதவினார். சம்பளத்தை நான் கேட்கவே இல்லையே.

உங்கள் கடிதத்தில் கஷ்டம் நுழைந்தால் சம்பளம் வெளியேறிவிடும். தேதியை மட்டும் பேசவிடுங்கள். வங்கிக் கணக்கை ஒருமுறை சரிபார்த்துவிட்டு இப்படி எழுதுங்கள்:

"வணக்கம் ஐயா. என் பணி நியமனக் கடிதத்தின்படி, மாதச் சம்பளம் அடுத்த மாதம் 5ஆம் தேதிக்குள் தரப்பட வேண்டும். மார்ச் மாதச் சம்பளம் இன்று, ஏப்ரல் 17 வரை என் கணக்கில் வரவில்லை. அது எந்தத் தேதியில் வரும் என்பதை 20ஆம் தேதிக்குள் எழுத்தில் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

அவ்வளவுதான். இதில் எந்தச் சொல் அவரை நோகடிக்கும், சொல்லுங்கள்? 'தொந்தரவுக்கு மன்னிக்கவும்' என்று ஒரு வரி சேர்க்கக் கை துறுதுறுக்கும். சேர்க்காதீர்கள். தவணை தவறியவர் நீங்கள் அல்ல. 'விரைவில்' என்றும் எழுதாதீர்கள், பதிலிலும் அதே 'விரைவில்' திரும்பி வரும். அவர் நேரில் கூப்பிட்டு '24ஆம் தேதி தருகிறேன்' என்றால் நன்றி சொல்லிவிட்டு, 'இன்று பேசியபோது 24ஆம் தேதி என்றீர்கள்' என்று அன்றைக்கே எழுதி அனுப்பிவிடுங்கள். பாதிப் பணம் தந்தால் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் சீட்டில் 'மார்ச் சம்பளத்தில் ஒரு பகுதி' என்று எழுதியிருக்கிறதா என்று படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

வேறு வேலை தேடுவது உங்கள் விருப்பம். முதலாளி நல்லவரா என்பதும் இங்கே கணக்கில் வராது.

நியமனக் கடிதத்தில் தேதி இல்லாவிட்டால், வங்கிக் கணக்கில் போன ஆறு மாதச் சம்பளம் எந்தெந்த நாளில் வரவாகியிருக்கிறது என்று பாருங்கள். ஆறும் 5ஆம் தேதியை ஒட்டியே இருந்தால், கடிதத்தின் முதல் வரியில் அதைச் சொல்லுங்கள்.