திருப்பி அனுப்பிய பார்சல் வரவில்லை என்றால் என்ன செய்வது?

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய மிக்ஸியை நானே தபாலில் திருப்பி அனுப்ப வேண்டுமாம். எப்படிக் கட்டுவது? வரவில்லை என்று கடைக்காரர் சொல்லிவிட்டால்?

பதில்: அனுப்புச் சான்று என்பது பொருள் உங்கள் கையைவிட்டுப் போனதைக் காட்டும் ரசீது, வங்கியில் பணம் கட்டியதும் முத்திரை குத்தித் தரும் சலான் துண்டு மாதிரி. ஸ்பீட் போஸ்ட் ரசீதில் IN என முடியும் 13 எழுத்து எண், தேதி, பின்கோடு, எடை இருக்கும். இதில் எடைதான் பெரிய பலம். "காலிப் பெட்டிதான் வந்தது" என்று சொன்னால், 4 கிலோ என்று அச்சான ரசீதே பதில் சொல்லும். ரசீதின் மை மங்கிவிடும், அன்றே படம் எடுத்துவிடுங்கள்.

ஜாரையும் மோட்டாரையும் தனித்தனியே சுற்றி, எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் காகிதம் திணியுங்கள். குலுக்கினால் உள்ளே எதுவும் அசையக் கூடாது. ஆர்டர் எண் எழுதிய சீட்டை உள்ளே வையுங்கள். பழைய பார்கோடு ஸ்டிக்கரைக் கிழித்துவிடுங்கள்; அது இருந்தால் பார்சல் வழி தவறலாம். சீரியல் எண் தெரிய, மூடும் வரை வீடியோ எடுங்கள்.

பார்சல் வரவில்லை என்று கடைக்காரர் மறுத்தால், டிராக்கிங் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், ரசீது, வீடியோ மூன்றையும் மின்னஞ்சலில் அனுப்பி, பணம் தர ஒரு தேதி கேளுங்கள். தபால் நிலையத்தில் பட்டுவாடாச் சான்றும் கேட்டு வாங்குங்கள். பிறகும் மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915. டிராக்கிங்கிலேயே பட்டுவாடா ஆகவில்லை என்றால், புகார் தபால் துறையிடம்தான்.

டிராக்கிங்கில் 'Item Delivered' வந்ததும் ரசீது தேவையில்லை என்று பலர் எறிந்துவிடுகிறார்கள். பணம் கணக்கில் ஏறும்வரை அது வேண்டும்.