தக்காளி விலை ஏறினால் தேவைக் கோடு நகருமா?

கேள்வி: சார், "கனமழையால் தக்காளி விளைச்சல் பாதிக்கப்பட்டது; சந்தைச் சமநிலையில் ஏற்படும் மாற்றத்தை வரைபடத்துடன் விளக்குக" என்று தேர்வில் கேட்டிருந்தார்கள். அளிப்புக் கோட்டை இடப்பக்கம் நகர்த்தினேன். விலை ஏறியதும் மக்கள் குறைவாக வாங்குவார்களே என்று தேவைக் கோட்டையும் இடப்பக்கம் நகர்த்தினேன். பாதி மதிப்பெண் போய்விட்டது. விலை ஏறினால் தேவை குறையும் என்பதுதானே விதி? புதிய சமநிலையை எங்கேதான் குறிப்பது?

பதில்: நீங்கள் வரைந்ததில் அளிப்புக் கோடு நகர்ந்தது சரி. தேவைக் கோட்டைத் தொட்டிருக்கக் கூடாது. புதிய சமநிலை, புதிய அளிப்புக் கோடு பழைய தேவைக் கோட்டை வெட்டும் இடத்தில் வரும்.

குழப்பம் 'தேவை' என்ற சொல்லில் இருக்கிறது. விலை ஏறும்போது குறைவது தேவையின் அளவு. அந்த விவரம் தேவைக் கோட்டுக்குள்ளேயே இருக்கிறது. கோடு இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்குவதற்குக் காரணமே அதுதான். அதற்காகக் கோட்டையும் தள்ளினால் ஒரே விளைவை இரண்டு முறை கணக்கில் சேர்த்ததாகிவிடும்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கலாம். வாரம் ஒரு கிலோ வாங்கிய வீட்டில் அரைக் கிலோவோடு நிறுத்தியிருப்பார்கள். விலை பழையபடி இறங்கினால் அந்த வீடு மறுபடி ஒரு கிலோ வாங்குமா? வாங்கும் என்றால், அது கோட்டின் மேலேயே நடந்த நகர்வு. விலை இறங்கிய பிறகும் அரைக் கிலோதான் வாங்குவார்கள் என்றால் (வருமானம் குறைந்திருக்கலாம், சமையல் பழக்கம் மாறியிருக்கலாம்) அப்போதுதான் தேவைக் கோடு நகர்ந்திருக்கிறது. எந்தக் கேள்வி வந்தாலும் இந்த ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். அந்தப் பொருளின் விலை மாற்றம் மட்டும் எந்தக் கோட்டையும் நகர்த்தாது.

எண்களை வைத்துப் பார்த்தால் இன்னும் தெளியும். கற்பனையாக ஒரு சந்தை. P என்பது கிலோவுக்கு ரூபாய், Q என்பது நாளொன்றுக்குக் குவிண்டால்.

```
D  : Q = 120 - 2P
S1 : Q = 3P - 30
S2 : Q = 3P - 80
```

மழைக்கு முன் D, S1 இரண்டும் 30 ரூபாயில், 60 குவிண்டாலில் வெட்டுகின்றன. அது E1. மழை வந்து, எந்த விலையிலும் முன்பைவிட 50 குவிண்டால் குறைவாகவே சந்தைக்கு வருகிறது. அது S2. விலை இன்னும் 30 ரூபாயிலேயே இருந்தால் வரத்து 10 குவிண்டால்தான், கேட்பவர்களோ 60 குவிண்டால் கேட்கிறார்கள். 50 குவிண்டால் தட்டுப்பாடு. விலை ஏறத் தொடங்குகிறது. ஏற ஏற வாங்குபவர்கள் D கோட்டின் மேல் 60-லிருந்து மேல்நோக்கி இடப்பக்கம் வருகிறார்கள். விற்பவர்கள் S2 கோட்டின் மேல் 10-லிருந்து மேல்நோக்கி வலப்பக்கம் வருகிறார்கள். இருவரும் சந்திப்பது 40 ரூபாயில், 40 குவிண்டாலில். அது E2. அளிப்பு 50 குறைந்தும் விற்பனை 20 மட்டுமே குறைந்ததைக் கவனியுங்கள். மீதி 30-ஐ விலையேற்றமே வெளியே கொண்டுவந்தது.

நான் திருத்தும் தாள்களில் E2 தவறும் இடம் பெரும்பாலும் இதுதான்: பழைய 30 ரூபாய் விலையில் S2-வைத் தொடும் புள்ளியைப் பிடித்து, அங்கிருந்து நேராகக் கீழே கோடு இறக்கி Q2 என்று எழுதிவிடுவார்கள். அது 10 குவிண்டால். தட்டுப்பாட்டின் ஒரு முனைதான் அது, அங்கே சமநிலை இல்லை. இன்னொரு வகை, S2-வைக் குட்டையாக வரைந்து D-யைத் தொடும் முன்பே நிறுத்திவிடுவது. அப்புறம் E2-வுக்கு இடமே இருக்காது, அந்தரத்தில் ஒரு புள்ளி வைப்பார்கள். முதலில் அச்சுகளைப் பெரிதாகப் போட்டு, D-யை நீளமாக இழுத்து, E1-ஐப் படத்தின் நடுவில் வரும்படி வைத்துக்கொண்டால் எந்தப் பக்கம் நகர்த்தினாலும் இடம் இருக்கும்.

அளிப்பு 'குறைந்தது' என்றதும் கோட்டைக் கீழே இறக்குபவர்களும் உண்டு. மேல்நோக்கிச் செல்லும் கோட்டைக் கீழே இறக்கினால் அது வலப்பக்கம் போய்விடும், அதாவது அளிப்பு கூடிவிட்டதாக ஆகும். மேலே, கீழே என்ற சொற்களையே மறந்துவிடுங்கள், இடம், வலம் மட்டும் போதும். சந்தேகம் வந்தால் ஏதாவது ஒரு விலையில் படுக்கையாக ஒரு மெல்லிய கோடு போட்டு, புதிய கோடு பழையதற்கு எந்தப் பக்கம் வெட்டுகிறது என்று பார்த்துவிட்டு அழித்துவிடலாம்.

பெயரிடுவதில் சொல்ல அதிகம் இல்லை. செங்குத்து அச்சில் விலை, கிடை அச்சில் அளவு. E1, E2 இரண்டிலிருந்தும் இரண்டு அச்சுகளுக்கும் புள்ளிக்கோடு போட்டு P1, P2, Q1, Q2 என்று அச்சின் மேலேயே எழுத வேண்டும், கோட்டின் நடுவில் எழுதக் கூடாது. S1-லிருந்து S2-வுக்கு ஓர் அம்புக்குறி. நகராத கோட்டுக்கு D என்று ஒரே பெயர்தான், அதற்கு D1 என்று எழுதினால் D2 எங்கே என்று திருத்துபவர் தேடுவார். இலங்கைப் பாடநூலில் படிப்பவர்கள் கேள்வி வளையி, நிரம்பல் வளையி என்று எழுதுவார்கள், படம் ஒன்றேதான்.

இரண்டு கோடும் நிஜமாகவே நகரும் கேள்விகளும் வரும். உங்கள் கேள்வியிலேயே "அதே நேரம் ஆடி மாதம் பிறந்து கல்யாணச் சமையல் குறைந்தது" என்று ஒரு வரி கூடுதலாக இருந்திருந்தால் தேவைக் கோட்டையும் இடப்பக்கம் நகர்த்தலாம். காரணம் விலைக்கு வெளியே இருந்து வந்திருக்கிறது. அப்போது E2 என்பது D2-வும் S2-வும் வெட்டும் இடம். D1, S2 வெட்டும் இடத்தில் நின்றுவிடக் கூடாது. அளவு குறையும் என்பது உறுதி, இரண்டு நகர்வுமே அதை இடப்பக்கம்தான் தள்ளுகின்றன. விலை மட்டும் எந்த நகர்வு பெரியது என்பதைப் பொறுத்தது. நம் சந்தையில் தேவை 25 குவிண்டால் குறைந்தால் புதிய விலை 35 ரூபாய், பழைய 30-ஐவிட அதிகம். 50 குறைந்தால் விலை 30-லேயே நிற்கும். 60 குறைந்தால் 28 ரூபாய்க்கு இறங்கிவிடும்.

கேள்வியில் அளவுகள் தரப்படவில்லை என்றால், நீங்கள் வரைந்த படத்தில் P2 மேலே வந்திருக்கிறது என்பதற்காக "விலை உயரும்" என்று எழுதிவிடாதீர்கள். அந்த உயர்வு உங்கள் ஸ்கேல் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதால் வந்தது. "அளவு குறையும், விலை கூடலாம், குறையலாம், மாறாமலும் இருக்கலாம், அது எந்த நகர்வு பெரியது என்பதைப் பொறுத்தது" என்று எழுதினால்தான் முழு மதிப்பெண்.