கொடிமலையிலிருந்து இறங்கும் மியூவான்: சார்பியல் தேர்வுக் கேள்விகளுக்குப் பதில்

மாணவி, ஆயர் ஈத்தாம்: சார், பினாங்குக் கொடிமலை உச்சியிலிருந்து மியூவான் என்ற நுண்துகள் 0.98c வேகத்தில், அதாவது ஒளி வேகத்தில் 98 விழுக்காட்டில், இறங்குகிறது. மலையின் 830 மீட்டர் உயரத்தைக் காமா என்ற சார்பியல் காரணியால் சுருக்கினேன், கிடைத்த நேரத்தையும் காமாவால் வகுத்தேன். 0.11 மைக்ரோ வினாடி வருகிறது. விடைத்தாளில் 0.56. எங்கே தவறு?

ஒரே விளைவை இரண்டு முறை எண்ணிவிட்டாய், அம்மா. இந்தத் தாளில் அதிக மதிப்பெண்ணை விழுங்கும் பிழை இதுதான்.

முதலில் அடிவாரத்தில் நின்று பார். 830 மீட்டரைக் கடக்க 2.82 மைக்ரோ வினாடி ஆகிறது. இந்த வேகத்தில் காமா 5.03, மியூவானின் கடிகாரம் அத்தனை மடங்கு மெதுவாக ஓடுவதால் அது 0.56 காட்டும். கணக்கு முடிந்தது, நீளத்தைத் தொடவே இல்லை.

இனி மியூவானோடு சேர்ந்து பார். அதன் கடிகாரத்தில் எந்தக் குறையும் இல்லை. மலைதான் 165 மீட்டராகக் குறுகி எதிரே வருகிறது. 165 மீட்டரை 0.98c-ஆல் வகுத்தால் அதே 0.56. ஏதாவது ஒரு பார்வையைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை போக வேண்டும்.

விடையைச் சோதிக்க, ஒரே பார்வையில் அளந்த தூரத்தை அதே பார்வையில் அளந்த நேரத்தால் வகு. 0.98c வர வேண்டும். உன் 165 மீட்டரும் 0.11 மைக்ரோ வினாடியும் ஒளியைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு வேகம் தருகின்றன!

மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ வினாடி. கடிகாரம் மெதுவாகும் இந்தக் காலவிரிவு இல்லையென்றால் நூற்றில் 28 மட்டுமே அடிவாரம் சேரும். இருப்பதால் 78 சேரும். 1941-இல் இயற்பியலாளர்கள் ரோசியும் ஹாலும் அமெரிக்காவின் கொலராடோவில் வெவ்வேறு உயரங்களில் மியூவான்களை எண்ணிச் சோதித்தது இந்த வேறுபாட்டைத்தான்.

மாணவர், பட்டர்வொர்த்: காமாவால் பெருக்குவதா, வகுப்பதா?

இரண்டு நிகழ்வுகளிலும் உடனிருந்த ஒரே கடிகாரம் எது என்று கேளுங்கள். அதில்தான் நேரம் மிகக் குறைவு. மற்றவர் அளப்பது அதைக் காமாவால் பெருக்கிய நேரம்.

தாயார், கோலாலம்பூர்: என் மகன் விமானி. அவனுக்கு வயது குறைவாகவா ஏறுகிறது?

ஒரு பயணத்துக்கு வேறுபாடு நானோ வினாடிக் கணக்கில்தான், அம்மா. பறக்கும் உயரமும் கணக்கில் சேரும்; அது பொதுச் சார்பியல், இந்தத் தேர்வில் வராது.

மாணவர், செராஸ்: சார், பெருக்குவதா வகுப்பதா?

பட்டர்வொர்த் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள். பார்வைகளைக் கலக்காதீர்கள்.

ஆசிரியர், ஜார்ஜ் டவுன்: வேகத்தோடு நிறை கூடும். ½mv²-இல் m இருக்கும் இடத்தில் காமாவால் பெருக்கிய நிறையான γm போட்டால் இயக்க ஆற்றல் கிடைத்துவிடுமே?

கிடைக்காது, ஐயா. இதே மியூவானை எடுங்கள். ஓய்வு ஆற்றல் 105.7 MeV. சரியான வாய்பாடு (γ−1)mc². அது 425 MeV தருகிறது. உங்கள் வழியில் 255 தான் வரும். γm உந்தத்துக்குப் பொருந்தும், அதைக்கொண்டு பழைய சூத்திரம் அனைத்தையும் திருத்த முடியாது.

அதே ஆசிரியர்: நான் படித்த புத்தகத்தில் γm என்பதையே நிறை என்றார்கள். mc² மொத்த ஆற்றல் என்று சொல்ல அதுதான் எளிது.

மொத்த ஆற்றலுக்கு அது சரியாகவே வரும், மறுக்கவில்லை. ஆனால் நிறை என்பது எல்லாப் பார்வையிலும் மாறாத அளவாக இருப்பதே நல்லது என்பது என் கருத்து. மாணவர்கள் γm என்று எழுதியதும் ½mv²-க்குத் தாவுகிறார்கள், நீங்களே தாவினீர்கள்.

அதே ஆசிரியர்: சூத்திரத்தில் சறுக்கினேன், ஒப்புக்கொள்கிறேன். நிறை கூடுகிறது என்று சொல்வதை விடமாட்டேன்.

விடாதீர்கள். விடைத்தாளில் மட்டும் (γ−1)mc² எழுதச் சொல்லுங்கள்.