ஸ்டைபண்ட் ஏறும் கணக்கு: சதவீதம் எதன் மேல்?

கேள்வி: சார், நான் நாலு வருட ஃபிட்டர் அப்ரண்டிஸ். இரண்டாம் வருடத்தில் எட்டு மாதம் முடிந்துவிட்டது. ஒப்பந்தத்தில் "தேர்ந்த தொழிலாளியின் கூலியில் முறையே 50, 60, 75, 90 சதவீதம்" என்று இருக்கிறது. சேரும்போது அவர்களுடைய கூலி நாளுக்கு 1,000, எனக்கு 500 தந்தார்கள். இரண்டாம் வருடம் "பத்து சதவீதம் ஏற்றியாச்சு" என்று 550 ஆக்கினார்கள். ஆனால் சீனியர்களுக்குப் போன வருடம் என் பயிற்சியின் ஏழாம் மாதம் தொடங்கும்போது 1,040 ஆனது, இந்த வருடமும் அதே மாதம் 1,080 ஆகிவிட்டது. எனக்கு உண்மையில் எவ்வளவு வர வேண்டும்? கேட்டால் சண்டை ஆகுமோ என்று பயமாகவும் இருக்கிறது.

பதில்: இன்றைய தேதிக்கு உங்களுக்கு வர வேண்டியது நாளுக்கு 648. ஒப்பந்தத்தை எவ்வளவு இறுக்கமாகப் படித்தாலும் 600-க்குக் கீழே வர வழியே இல்லை. அதனால் 550 தப்பு, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அந்த 648-க்கும் 600-க்கும் நடுவில் இருப்பதுதான் நீங்கள் ஒப்பந்தத்தைத் திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டிய விஷயம்.

முதலில் 550 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். உங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர் 50-லிருந்து 60-க்குப் போவதைப் பார்த்து "பத்து ஏறுகிறது, சரி, பழைய ஸ்டைபண்டில் பத்து சதவீதம் கூட்டு" என்று போட்டுவிட்டார். வேண்டுமென்றே செய்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை, ஏனென்றால் சம்பள உயர்வு என்றாலே பழைய தொகையின் மேல் இத்தனை சதவீதம் என்றுதான் அவர் தினமும் போட்டுக்கொண்டிருப்பார், கை அந்தப் பக்கமே போகும். ஆனால் உங்கள் ஒப்பந்தம் பழைய ஸ்டைபண்டைப் பற்றிப் பேசவே இல்லை. ஒவ்வொரு வருடமும் புதிதாகத் தேர்ந்த தொழிலாளியின் கூலியை எடுத்து, அதில் அந்த வருடத்துப் பங்கைக் கொடு என்கிறது. 50-லிருந்து 60-க்குப் போனால், கூலி ஒரு காசு ஏறாவிட்டாலும், ஸ்டைபண்ட் 500-லிருந்து 600 ஆகும், அதாவது இருபது சதவீத உயர்வு. இந்த இரண்டு முறைக்கும் உள்ள இடைவெளி போகப் போக விரிந்துகொண்டே போகும். பத்துப் பத்தாக ஏற்றிக்கொண்டு போனால் நாலாம் வருடம் 665-க்குத்தான் வந்து நிற்பீர்கள். கூலி 1,000-லேயே நின்றிருந்தால்கூட உங்களுக்கு வர வேண்டியது 900.

இந்தக் குழப்பம் வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு முறையுமே உலகத்தில் நடைமுறையில் இருக்கின்றன. இந்தியாவின் அப்ரண்டிஸ் விதிகளிலேயே முன்பு முதல் வருடம் 70, இரண்டாம் வருடம் 80, அதன் பிறகு 90 சதவீதம் என்று, பாதித் திறன் தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலியோடு கட்டிவைத்திருந்தார்கள். 2019-இல் அதை எடுத்துவிட்டு, படிப்புக்கு ஏற்ற நிலையான தொகை, இரண்டாம் வருடம் அதில் பத்து சதவீதம், மூன்றாம் வருடம் மேலும் பதினைந்து சதவீதம் என்று மாற்றினார்கள். ஒரு முறையில் பழகியவர் இன்னொரு முறை எழுதிய ஒப்பந்தத்தைக் கையில் எடுத்தால் இப்படித்தான் ஆகும். உங்கள் ஒப்பந்தம் எந்த வகை என்று கண்டுபிடிக்க ஒரே அடையாளம், "கூலியில் இத்தனை சதவீதம்" என்று இருக்கிறதா, "இத்தனை சதவீதம் உயர்வு" என்று இருக்கிறதா என்பதுதான். நீங்கள் அனுப்பியிருக்கும் வரி முதல் வகை.

இப்போது 648-க்கு வருவோம். உங்கள் ஸ்டைபண்டை இரண்டு கடிகாரங்கள் ஓட்டுகின்றன. ஒன்று உங்களுடையது: சேர்ந்த தேதியிலிருந்து வருடம் திரும்பும்போது 50, 60-ஆகும், 60, 75-ஆகும். இன்னொன்று தேர்ந்த தொழிலாளியினுடையது: அவருக்குக் கூலி ஏறும் நாளில் உங்கள் சதவீதம் மாறாது, ஆனால் அந்தச் சதவீதம் உட்கார்ந்திருக்கும் அடி உயரும். இந்த இரண்டும் ஒரே நாளில் அடிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, பெரும்பாலும் அடிக்காது. ஆகவே வருடத்துக்கு ஒரு முறை மட்டும் ஸ்டைபண்ட் மாறுகிறது என்றால் யாரோ இரண்டாவது கடிகாரத்தைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

உங்கள் விஷயத்தில் போட்டுப் பாருங்கள். முதல் ஆறு மாதம் 1,000-இல் 50 சதவீதம், 500, அது சரியாக வந்திருக்கிறது. ஏழாம் மாதம் கூலி 1,040 ஆனதுமே உங்களுக்கு 520 ஆகியிருக்க வேண்டும், ஆகவில்லை. இரண்டாம் வருடம் தொடங்கியபோது 1,040-இல் 60 சதவீதம், 624. இந்த வருடம் ஏழாம் மாதம் 1,080-இல் 60 சதவீதம், 648. மாதத்துக்கு 25 நாள் என்று வைத்தால் ஆறு மாதத்துக்கு 150 நாள். போன வருடத்துக் கடைசி ஆறு மாதத்தில் நாளுக்கு 20 வீதம் 3,000 குறைந்திருக்கிறது. இந்த வருடத்து முதல் ஆறு மாதத்தில் நாளுக்கு 74 வீதம் 11,100. அதற்கப்புறம் வந்த இரண்டு மாதத்தில், 50 நாளுக்கு, நாளுக்கு 98 வீதம் 4,900. மொத்தம் 19,000 அரியர்ஸ். நீங்கள் உண்மையில் வேலை செய்த நாட்களை வருகைப் பதிவிலிருந்து எடுத்து இதை மாற்றிக்கொள்ளுங்கள், 25 என்பது என் ஊகம்தான்.

இந்தக் கணக்கு நிற்பதும் விழுவதும் "எந்தத் தேதியின் கூலி" என்பதில். அந்தந்தக் காலத்தில் நடப்பில் உள்ள கூலி என்று ஒப்பந்தத்திலோ அது சுட்டும் கூலி உடன்படிக்கையிலோ இருந்தால் 648 அப்படியே உங்களுடையது. சேர்ந்த தேதியில் உள்ள கூலி என்று வெளிப்படையாக எழுதியிருந்தால் மட்டும்தான் அடி 1,000-லேயே உறைந்து நிற்கும், அப்போது 600. அப்படி ஒரு வரியும் இல்லாமல் வெறுமனே "கூலியில்" என்று இருந்தால், நடப்புக் கூலி என்று படிப்பதுதான் இந்த முறையின் இயல்பு. அமெரிக்காவில் பதிவு செய்த அப்ரண்டிஸ் திட்டங்களானாலும் சரி, ஆஸ்திரேலியாவின் கூலி ஆணைகளானாலும் சரி, தேர்ந்தவரின் கூலி திருத்தப்படும்போது அப்ரண்டிஸின் தொகையும் கூடவே நகர்கிறது. சதவீதமாக எழுதுவதன் நோக்கமே அதுதான். உறைய வைக்க நினைத்தால் நேராகத் தொகையையே எழுதிவிட்டுப் போகலாமே.

தேர்ந்த தொழிலாளியின் கூலி என்றால் எந்தத் தொழிலாளி என்பதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பக்கத்து மெஷினில் பதினைந்து வருடமாக நிற்கும் அண்ணனுக்குச் சேவைப் படி, இரவு ஷிப்ட் படி எல்லாம் சேர்ந்து அதிகமாக வரும், அதன் மேல் சதவீதம் போட முடியாது. உங்கள் தொழிலுக்கு, பயிற்சி முடித்த முதல் நாளில் ஒருவருக்குத் தர வேண்டிய அடிப்படைக் கூலிதான் கணக்கு. நீங்கள் சொன்ன 1,080 அந்த அடிப்படைக் கூலியா, படிகள் சேர்ந்ததா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். நாம் தப்பான எண்ணோடு போய் நின்றால், சரியான பாதியையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள். அப்புறம், உங்கள் நாட்டில் அப்ரண்டிஸுக்கும் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்துமானால், சதவீதம் அதற்குக் கீழே எவ்வளவு இறங்கினாலும் அந்தத் தரைதான் நிற்கும். முதல் வருடம் 50 சதவீதம் வாங்குகிறவர்களுக்கு இது அடிக்கடி தேவைப்படும்.

அடுத்தது எனக்கு உங்கள் அரியர்ஸைவிடக் கவலை தருவது. உங்களுக்கு இன்னும் நாலு மாதத்தில் 60, 75 ஆக வேண்டும். இந்த ஏணியில் படிகள் ஒரே உயரம் இல்லை, முதல் படி பத்து, அடுத்த இரண்டும் பதினைந்து பதினைந்து. முதல் வருடம் உங்களுக்குக் கற்றுக்கொடுக்க ஒரு தேர்ந்த ஆளின் நேரம் போகிறது, நீங்கள் வெட்டும் துண்டில் பாதி ஸ்கிராப்புக்குப் போகிறது. மூன்றாம் வருடம் டிராயிங்கைக் கையில் கொடுத்தால் தனியாகவே முடித்துவிடுவீர்கள், அதனால் படியும் பெரிது. நிறுவனத்துக்கு அன்றைக்குத்தான் செலவு கண்ணில் படும். கூலி 1,080-லேயே இருந்தாலும் 648-லிருந்து 810. அவர்கள் இப்போது தரும் 550-லிருந்து பார்த்தால் நாளுக்கு 260 கூட. படி ஏறுவது தள்ளிப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

தள்ளிப்போடும் விதம் சத்தமில்லாமல் நடக்கும். சில திட்டங்களில் நாட்காட்டி திரும்பினால் போதும், சிலவற்றில் இத்தனை மணி நேர வேலை ஆகியிருக்க வேண்டும், சிலவற்றில் இத்தனை திறன்கள் முடிந்ததாகக் கையெழுத்து விழுந்திருக்க வேண்டும். பின்னிரண்டு வகையிலும் எல்லாம் உங்கள் லாக் புக்கில் இருக்கிறது. நான் அப்ரண்டிஸாக இருந்தபோது இரண்டாம் வருடக் கடைசியில் என் லாக் புக்கைத் திறந்தால், லேத்தில் த்ரெட் வெட்டியது, பேரிங் மாற்றியது, ஷாஃப்ட் அலைன்மென்ட் பார்த்தது எல்லாம் என் கையெழுத்தில் வரிசையாக இருந்தது, வலது ஓரத்தில் சூப்பர்வைசர் கையெழுத்துப் போட வேண்டிய கட்டங்கள் மட்டும் ஐந்து மாதத்துக்கு வெள்ளையாகக் கிடந்தன. அவர் நல்ல மனிதர்தான், நேரமில்லை, நானும் கேட்கவில்லை. மூன்றாம் வருட விகிதம் எனக்கு நாலு மாதம் தாமதமாக வந்தது, அந்த நாலு மாதப் பணம் கடைசிவரை வரவே இல்லை. அதனால் சொல்கிறேன், வாரக் கடைசியில் புத்தகத்தை நீட்டி அந்த வாரத்துக்குக் கையெழுத்து வாங்கிவிடுங்கள், மாதக் கணக்கில் சேர்த்து வைத்தால் அவருக்கே எது நீங்கள் செய்தது என்று நினைவிருக்காது. நீண்ட மருத்துவ விடுப்பு எடுத்திருந்தால் படி ஏறும் தேதி அத்தனை நாள் தள்ளுமா என்பதையும் இப்போதே ஒப்பந்தத்தில் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

சண்டை ஆகுமோ என்று கேட்டிருந்தீர்கள். கணக்குப் பிரிவுக்குப் போய் "எனக்குக் குறைத்துக் கொடுக்கிறீர்கள்" என்று ஆரம்பித்தால் ஆகலாம். அதற்குப் பதிலாக ஒரே தாளில் நாலு வரி எழுதுங்கள், ஒவ்வொரு வரியிலும் தேதி, அன்றைய அடிப்படைக் கூலி, உங்கள் சதவீதம், வர வேண்டியது, பே ஸ்லிப்பில் வந்தது. கூடவே ஒப்பந்தத்தில் அந்தச் சதவீத வரி இருக்கும் பக்கத்தின் நகலும், கூலி உயர்ந்தபோது ஒட்டிய அறிவிப்பின் நகலும் வையுங்கள். "இரண்டாம் வருட விகிதம் பழைய ஸ்டைபண்டின் மேல் போடப்பட்டிருக்கிறது போலத் தெரிகிறது, சரிபார்த்துத் தர முடியுமா" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதாக உங்கள் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். பெரும்பாலும் அதே மேசையில் கால்குலேட்டரை எடுத்துத் தட்டிப் பார்ப்பார்கள். பதில் வராவிட்டால், உங்கள் ஒப்பந்தத்தைப் பதிவு செய்த அலுவலகத்துக்கு அதே தாளை அனுப்பலாம். பழைய பாக்கியைக் கேட்கச் சட்டத்தில் கெடு இருக்கும், அது நாட்டுக்கு நாடு மாறும், அதனால் மூன்றாம் வருடம் தொடங்கட்டும் என்று காத்திருக்காமல் இந்த மாதமே கொடுத்துவிடுங்கள். முன்னால் 550 என்று நின்றால், மூன்றாம் வருடத்துக்கும் அதன் மேலேயே பதினைந்து சதவீதம் கூட்டி 632 என்று போடுவார்கள், அது இன்று உங்களுக்கு வர வேண்டியதைவிடவே குறைவு.