'பழைய விலை போய்விட்டது': ஆபீஸ் மெயிலில் செய்தவர் எங்கே மறைகிறார்?

கேள்வி: ஆபீஸ் மெயிலில் "நான் அனுப்பவில்லை" என்று எழுதுவதா, "அனுப்பப்படவில்லை" என்று எழுதுவதா? செயப்பாட்டுவினை மரியாதையா, நழுவலா?

பதில்:

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முன், தமிழில் மூன்றாவது வழி ஒன்று இருப்பதைப் பார்க்க வேண்டும். கொட்டேஷனில் பழைய விலையைப் போட்டு அனுப்பியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். "பழைய விலையைப் போட்டுவிட்டேன்" என்பது செய்வினை. "பழைய விலை போடப்பட்டுவிட்டது" என்பது செயப்பாட்டுவினை. ஆனால் பெரும்பாலோர் எழுதுவது "பழைய விலை போய்விட்டது" என்றுதான். இதில் விலையே எழுவாய். அது தானாகக் கிளம்பிப் போனது போலச் சொல்கிறோம். மாற்றினேன் – மாறிவிட்டது, நிறுத்தினேன் – நின்றுவிட்டது, விட்டுவிட்டேன் – விட்டுப்போயிற்று என்று இந்த வகை இணைகள் தமிழில் ஏராளம். செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்வதை வழக்கு என்று தொல்காப்பியமே ஒப்புக்கொள்கிறது. உரையாசிரியர்கள் காட்டும் 'திண்ணை மெழுகிற்று' என்ற எடுத்துக்காட்டும் இதே அமைப்புதான்.

பொறுப்பு உண்மையில் காணாமல் போவது இந்த மூன்றாவது வழியில். சோதித்துப் பார்க்க இரண்டு சொற்கள் போதும். "பழைய விலை போடப்பட்டுவிட்டது" என்றால் "யாரால்?" என்று உடனே கேட்கலாம். செய்தவர் மறைந்திருக்கிறார், ஆனால் இருக்கிறார். "விலை மாறிவிட்டது" என்பதோடு "தானாக" என்ற சொல்லைச் சேர்த்தாலும் வாக்கியம் நிற்கும். அங்கே செய்தவருக்கு இடமே இல்லை. அதனால் உங்கள் கைப்பிழையைச் சொல்லும் மெயிலில் 'ஆகிவிட்டது, போய்விட்டது, விடுபட்டுவிட்டது' என்று முடியும் வாக்கியங்களைத்தான் முதலில் தேடிப் பிடித்துத் திருத்த வேண்டும். '-பட்டது' எல்லாம் அதற்கு அடுத்துதான்.

நீங்கள் கேட்ட எடுத்துக்காட்டு எதிர்மறை வாக்கியமாக இருப்பதால் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. உடன்பாட்டில் 'நான்', 'நீங்கள்' இல்லாவிட்டாலும் வினைமுற்றின் விகுதி ஆளைக் காட்டிவிடும்: அனுப்பினேன், அனுப்பினீர்கள், அனுப்பினார். எதிர்மறையில் எல்லோருக்கும் 'அனுப்பவில்லை' ஒன்றுதான். "ஜூன் மாத அறிக்கையை இன்னும் அனுப்பவில்லை" என்று ஒரு வரி எழுதினால், நீங்கள் உங்கள் தாமதத்தைச் சொல்கிறீர்கள் என்று ஒருவர் படிப்பார், தன்னைக் குற்றம் சொல்கிறீர்கள் என்று இன்னொருவர் படிப்பார். செய்வினையில் எழுதியும் குழப்பம் தீராது. எனவே 'இல்லை' என்று முடியும் வாக்கியத்தில் எழுவாயை விடாதீர்கள். பேச்சில் குரலும் முகமும் அந்தக் குறையை நிரப்பிவிடும். மெயிலில் அவை இரண்டும் கிடையாது.

மேலே சொன்ன கொட்டேஷனையே முழுதாக எடுத்துக்கொள்வோம். மாதம் 1ஆம் தேதி ஒரு பொருளின் விலை ரூ.480இலிருந்து ரூ.520 ஆகிறது. 12ஆம் தேதி 200 எண்ணிக்கைக்குப் பழைய விலையில் கொட்டேஷன் போகிறது. வித்தியாசம் ரூ.8,000. வாடிக்கையாளருக்கு வழக்கமாகப் போகும் மெயில் இப்படி இருக்கும்:

"கொட்டேஷனில் விலை தவறுதலாகக் குறிப்பிடப்பட்டுவிட்டது. திருத்தப்பட்ட கொட்டேஷன் விரைவில் அனுப்பப்படும். சிரமத்துக்கு வருந்துகிறோம்."

வருத்தத்துக்கு மட்டும்தான் இதில் ஆள் இருக்கிறது. தவறுக்கும் இல்லை, திருத்தத்துக்கும் இல்லை. இதில் அதிகம் கெடுப்பது முதல் வரி அல்ல, "அனுப்பப்படும்" என்ற இரண்டாம் வரி. யார், எப்போது என்று தெரியாததால் வாடிக்கையாளர் திரும்ப மெயில் போட வேண்டியிருக்கும். இப்படி மாற்றலாம்:

"12ஆம் தேதி அனுப்பிய கொட்டேஷனில் ரூ.480 என்ற பழைய விலையைக் குறிப்பிட்டுவிட்டோம். இம்மாதம் 1ஆம் தேதி முதல் விலை ரூ.520 ஆக மாற்றப்பட்டுள்ளது. 200 எண்ணிக்கைக்கு வித்தியாசம் ரூ.8,000. திருத்திய கொட்டேஷனை இன்று மாலை 4 மணிக்குள் நான் அனுப்புகிறேன். தவறுக்கு வருந்துகிறோம்."

தவறு நிறுவனத்தின் பெயரில் போனதால் அங்கே 'நாங்கள்' நிற்கிறது. தட்டச்சு செய்த இளைய ஊழியரை வெளியாள் முன் நிறுத்தத் தேவையில்லை. அந்த இடத்தில் மறந்தும் 'நாம்' வரக் கூடாது. வாடிக்கையாளரிடம் "நாம் கவனிக்கவில்லை" என்றால் பாதிப் பழியை அவர் தலையில் வைத்தது போலாகும். விலை 'மாற்றப்பட்டுள்ளது' என்பது செயப்பாட்டுவினைதான், ஆனால் பொருத்தமான இடம்: விலையை மாற்றியது யார் என்பது அவருக்கு வேண்டாத செய்தி. வாக்குறுதிக்கு மட்டும் 'நான்', கூடவே நேரம்.

அதே விஷயத்தை மேலாளருக்கு எழுதும்போது கணக்கு மாறும். விலை மாற்றத்தை அவர் போனில் மட்டும் சொல்லியிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். "நீங்கள் பட்டியலை மாற்றவில்லை" என்பது உண்மையாக இருந்தாலும் சண்டைக்குத்தான் இழுக்கும். இப்படி எழுதலாம்:

"பழைய பட்டியலிலிருந்து விலையை எடுத்தேன்; புதிய விலையோடு ஒத்துப் பார்க்கவில்லை. பொதுக் கோப்பிலும் பட்டியல் இன்னும் மாற்றப்படவில்லை. அதை இன்றே மாற்றிவிடட்டுமா, சார்?"

தன் பிழை செய்வினையில், பிறர் விட்ட இடைவெளி செயப்பாட்டுவினையில். மேலாளருக்கு விஷயம் புரியும், முகமும் வாடாது. வரிசையும் முக்கியம். பட்டியல் மாற்றப்படாததை முதலில் எழுதினால் அதே சொற்கள் சாக்காக மாறிவிடும்.

இந்த மென்மைக்கு எல்லை உண்டு. சக ஊழியர் இணைப்பைச் சேர்க்காமல் மெயில் அனுப்பினால், முதல் தடவை "இணைப்பு எனக்குக் கிடைக்கவில்லை" என்பது நல்ல வாக்கியம். அவர் விட்டாரா, வழியில் தடைபட்டதா என்ற சந்தேகத்தின் பலன் அவருக்குப் போகிறது. மூன்றாவது நினைவூட்டலிலும் அப்படியே எழுதினால், யார் செய்ய வேண்டும் என்பதே மெயிலில் பதிவாகாது. அப்போது "8ஆம் தேதியும் 10ஆம் தேதியும் கேட்டிருந்தேன்; நீங்கள் இன்று மதியத்துக்குள் அனுப்பினால்தான் கணக்கை முடிக்க முடியும்" என்று ஆளையும் நாளையும் சொல்லிவிடுங்கள். கடுஞ்சொல் எதுவும் தேவையில்லை.

செயப்பாட்டுவினை எப்போதும் மரியாதை என்ற எண்ணம் அரசுச் சுற்றறிக்கை நடையிலிருந்து வருகிறது. "அனைவரும் வருகையைப் பதிவு செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்பது ஒரு பதவி பலரிடம் பேசும் நடை. கேட்டுக்கொள்பவர் யார் என்பது மறைவதால் வேண்டுகோள் உத்தரவாகிறது. அதையே பக்கத்து மேசைக்காரருக்கு எழுதினால் அவர் காயப்படுவார். அவருக்கு "அனுப்பித் தர முடியுமா?" போதும். 'அனுப்பவும்' என்பதும் பலருக்குக் கட்டளையாகவே ஒலிக்கிறது.

கடைசியாக 'ஆல்' உருபு. "பில் கணக்குப் பிரிவால் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது" என்பதில் 'ஆல்' செய்தவரைக் காட்டுகிறது. அது வெறும் தகவல். "கணக்குப் பிரிவால் தாமதமானது" என்றதும் அதே உருபு காரணத்தைக் காட்டி, குற்றச்சாட்டாகிவிடுகிறது. அந்தப் பிரிவையும் நகலில் வைத்து அனுப்பும் மெயில் என்றால், "பில் 3ஆம் தேதி முதல் கணக்குப் பிரிவின் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது" என்று எழுதுங்கள். தேதியைப் பார்த்து எவ்வளவு நாள் ஆயிற்று என்பதைப் படிப்பவரே கணக்கிட்டுக்கொள்வார்.