லேசர் விளக்கும் குழந்தையின் விழித்திரையும்: வாசகர் கேள்விகளுக்கு ஒரு கண் மருத்துவரின் பதில்கள்

என் 8 வயது மகன் திருவிழாக் கடையில் பச்சை லேசர் விளக்கு ஒன்று வாங்கினான். அதை யார் அதிக நேரம் கண்கொட்டாமல் பார்ப்பது என்று நண்பனோடு போட்டி போட்டிருக்கிறான். கண் சிவக்கவில்லை, வலியும் இல்லை என்கிறான். விட்டுவிடலாமா?

விட்டுவிட வேண்டாம். இந்த வாரத்துக்குள் விழித்திரை மருத்துவர் ஒருவரிடம் காட்டுங்கள். விழித்திரையில் வலி நரம்புகள் கிடையாது. அதனால் அது சுட்டுப்போனாலும் வலிக்காது. கண்ணும் சிவக்காது, நீரும் வடியாது. பல சமயம் ஒரு கண் மட்டும் பாதிக்கப்படும். இன்னொரு கண் தெளிவாக இருப்பதால் குழந்தைக்கே எதுவும் தெரியாமல் போகலாம். பல மாதம் கழித்துப் பள்ளிக் கண் பரிசோதனையில் கண்டுபிடிக்கப்பட்ட குழந்தைகளும் உண்டு.

வீட்டிலேயே ஒன்றைச் செய்து பார்க்கலாம். அவனுடைய ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுவதும் மூடி, செய்தித்தாளில் ஒரு வரியை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு அடுத்த கண்ணை மூடி அதையே செய்யுங்கள். நடுவில் ஓர் எழுத்து காணாமல் போகிறதா, வரி வளைந்து தெரிகிறதா, பார்க்கும் இடத்தில் கறுப்பாகவோ மஞ்சளாகவோ புள்ளி நிற்கிறதா என்று கேளுங்கள். சரியாகத்தான் வாசிக்கிறான் என்றாலும் மருத்துவரிடம் போங்கள், ஏனென்றால் சிறிய தழும்பு இந்தச் சோதனையில் தப்பிவிடும். போகும்போது அந்த விளக்கையும் எடுத்துச் செல்லுங்கள். அவனைத் திட்டாதீர்கள். பயந்த குழந்தை நடந்ததை மறைக்கும். அப்போது காரணம் புரியாமல் வேறு நோய்களைத் தேடிக்கொண்டிருப்போம்.

கருவிழியில் கீறல் விழுந்தால் சில நாளில் ஆறிவிடுகிறது. லேசர் காயம் மட்டும் ஏன் ஆறாது?

காயம் எந்த இடத்தில் படுகிறது என்பதுதான் காரணம். கருவிழியின் மேல்தோல் தொடர்ந்து புதிதாக வளரும். விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் அப்படி இல்லை. இறந்தவற்றுக்குப் பதிலாகப் புதியவை வருவதில்லை.

லேசர் ஒளிக்கற்றை பரவாமல் இணையாக வரும். 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள கற்றை கண்மணி வழியாக முழுதாக உள்ளே போய்விடும். கண்ணின் லென்ஸ் அதை மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுள்ள புள்ளியாகக் குவிக்கிறது. அதாவது கண்ணுக்கு வெளியே இருந்ததைவிடச் சுமார் 10,000 மடங்கு செறிவு. வெயிலை நேராகப் பார்த்தால் கண்ணுக்குள் சில மில்லிவாட் ஒளி போகும், ஆனால் சூரியனின் பிம்பம் இதைவிடப் பல மடங்கு பெரியது. அதே அளவு ஒளியை லேசர் ஒரு புள்ளியில் கொட்டுகிறது. விழித்திரைக்குப் பின்னால் உள்ள நிறமி அடுக்கு அதை உறிஞ்சிச் சூடாகிறது, புரதம் வெந்துபோகிறது, பக்கத்தில் உள்ள உணர் செல்களும் சேர்ந்து போகின்றன.

நீரிழிவு விழித்திரை நோய்க்கு நாங்களே லேசரால் சுடுகிறோம். ஆனால் அது விழித்திரையின் ஓரத்தில். அங்கே நூற்றுக்கணக்கான தழும்புகள் இருந்தாலும் வாசிக்க முடிகிறது. குழந்தை விளக்கை *உற்றுப்* பார்க்கும்போது நிலைமை வேறு. நாம் எதை உற்றுப் பார்க்கிறோமோ அதன் பிம்பம் எப்போதும் விழித்திரையின் நடுவில் உள்ள மையக்குழியில்தான் விழும். எழுத்து வாசிக்கவும் முகம் அடையாளம் காணவும் நமக்கு இருப்பது ஒன்றரை மில்லிமீட்டர் அகலமுள்ள அந்தக் குழி மட்டுமே.

2018-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் கிரேக்க நாட்டுச் சிறுவன் ஒருவனைப் பற்றிய குறிப்பு வந்தது. வயது 9. பச்சை லேசர் விளக்கைப் பலமுறை நேராகப் பார்த்திருக்கிறான். வலது கண் இயல்பாக இருந்தது. இடது கண்ணில் மையப் பார்வை 6/30, அதாவது மற்றவர்கள் 30 மீட்டரில் இருந்து காண்பதைக் காண அவன் 6 மீட்டருக்கு வர வேண்டும். விழித்திரையின் மையத்தில் பெரிய ஓட்டை, அதற்குக் கீழே இரண்டு சிறிய காயங்கள். அறுவை செய்யாமல் கண்காணித்தார்கள். ஒன்றரை ஆண்டுக்குப் பிறகும் பார்வை அப்படியேதான் இருந்தது.

எல்லோருக்கும் இந்த நிலை வரும் என்றில்லை. முதல் சில வாரங்களில் வீக்கம் வடிவதால் பார்வை ஓரளவு தேறும் குழந்தைகள் நிறைய. சிறிய ஓட்டை தானே மூடிக்கொள்வதும் உண்டு. ஆனால் தேறுவது வீங்கிய செல்கள்தான். வெந்துபோனவை திரும்பி வருவதில்லை.

என் மகளுக்குச் சின்னத் தழும்பு என்று சொல்லிவிட்டார்கள். சொட்டு மருந்தோ, வைட்டமினோ கொடுக்கலாமா? மறுபடி ஏன் வரச் சொல்கிறார்கள்?

தழும்பைக் கரைக்கும் சொட்டு மருந்தோ மாத்திரையோ கிடையாது. ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், பலன் நிரூபிக்கப்படவில்லை. மறுபடி வரச் சொல்வதற்குக் காரணம் வேறு. சுட்ட இடத்தில் நிறமி அடுக்குக்குக் கீழே உள்ள சவ்வு கிழிந்திருந்தால், சில வாரங்களிலோ மாதங்களிலோ அதன் வழியாகப் புது இரத்தக்குழாய் முளைத்துக் கசியலாம். அதற்குக் கண்ணுக்குள் போடும் ஊசி இருக்கிறது, சீக்கிரம் போட்டால் பார்வையைக் காக்கலாம். அதனால் விழித்திரையின் அடுக்குகளைப் படம் பிடிக்கும் ஓசிடி ஸ்கேன் தேதியைத் தவறவிடாதீர்கள். நேர்கோடு திடீரென்று வளைந்து தெரிந்தால் தேதிக்குக் காத்திருக்காமல் போங்கள்.

விளக்கில் ‘5 மில்லிவாட்டுக்குக் கீழ்’ என்று ஒட்டியிருக்கிறதே, அது பாதுகாப்புதானே?

அந்த ஸ்டிக்கரை நான் நம்ப மாட்டேன். அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவனம் 122 லேசர் விளக்குகளை அளந்து 2013-இல் முடிவை வெளியிட்டது. பச்சை விளக்குகளில் ஏறக்குறைய 90 சதவீதமும், சிவப்பில் 44 சதவீதமும் அந்நாட்டு விதிக்குப் பொருந்தவில்லை.

பச்சையில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. மலிவான விளக்கில் பச்சை ஒளி நேரடியாகப் பிறப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசரை ஒரு படிகத்துக்குள் அனுப்பித்தான் அதைப் பச்சையாக மாற்றுகிறார்கள். மாறாமல் மிஞ்சும் அகச்சிவப்பை நிறுத்த ஒரு வடிகட்டி வேண்டும். விலையைக் குறைக்க அதை விட்டுவிடுகிறார்கள். அப்படிப்பட்ட விளக்கில் பச்சை மங்கலாகத் தெரிந்தாலும் அகச்சிவப்பு பலமாக வரலாம். நம் கண் கூசினால் கால் வினாடிக்குள் இமை மூடிவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒளிக்குக் கண் கூசாது, இமையும் மூடாது.

தம்பி விளையாட்டாக லேசர் அடித்தபோது கடைக்குட்டியின் முகத்தில் ஒரு நொடி ஒளி பட்டது. பயமாக இருக்கிறது.

அறைக்கு அந்தப் பக்கம் இருந்து அடித்து, முகத்தில் பட்டு நகர்ந்துபோனது என்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. மேலே சொன்ன செய்தித்தாள் சோதனையைச் செய்யுங்கள். வாசிக்கத் தெரியாத வயது என்றால் படம் காட்டிக் கேளுங்கள். ஏதாவது சந்தேகம் வந்தாலோ, தீக்குச்சியைப் பற்றவைக்கும், பலூனை உடைக்கும் வகை விளக்காக இருந்தாலோ உடனே காட்டுங்கள்.

நான் ஆசிரியை. வகுப்பில் லேசர் விளக்கு வைத்திருக்கிறேன். வீட்டிலும் பூனைக்கு விளையாட்டுக் காட்ட ஒன்று இருக்கிறது. எப்படி வைத்துக்கொள்வது?

வகுப்புக்கு 1 மில்லிவாட்டுக்கு மிகாத, நம்பகமான கடையில் பில்லோடு வாங்கிய சிவப்பு விளக்கு போதும். நீளமான குச்சி இருந்தால் அதுகூட வேண்டாம். மேசை மேல் விட்டுப் போகாதீர்கள். குழந்தைகளிடம் ‘ஆபத்து, தொடாதே’ என்று மட்டும் சொன்னால் ஆர்வம்தான் கூடும். ‘நேராகப் பார்த்தால் எழுத்து வாசிக்கும் இடத்தில் ஓட்டை விழும், வலிக்காது, திரும்ப வராது’ என்று காரணத்தோடு சொல்லுங்கள். கண்ணாடியையும் மறக்காமல் சொல்லுங்கள். கண்ணாடியில் பட்டுத் திரும்பும் கற்றைக்கும் நேரடிக் கற்றைக்கும் பலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. கண்ணாடி முன் லேசர் விளையாட்டுக் காட்டி இரண்டு கண்ணிலும் காயம் பட்ட 15 வயதுப் பையனைப் பற்றி 2010-இல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவனுடைய விளக்கு இணையத்தில் வாங்கியது, 150 மில்லிவாட்.

பூனைக்கு நூலில் கட்டிய பந்து போதும். வீட்டு விளக்கின் பேட்டரியை இன்றே கழற்றி, விளக்கை உடைத்து, மின்கழிவோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.