மகளை ஆயர் படிப்புக்கு அனுப்பலாமா?

"நாங்கள் கோத்தகிரி, சி.எஸ்.ஐ. சபை. பட்டப்படிப்பு முடித்த மகள் ஆயர் ஆக வேண்டும் என்கிறாள். தங்கையைக் கத்தோலிக்கக் குடும்பத்தில் கொடுத்திருக்கிறோம். 'பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்தாலும் செல்லாது' என்கிறார்கள் அவர்கள். அனுப்பலாமா?"

தாராளமாக அனுப்பலாம். ஆனால் கல்லூரி விண்ணப்பத்தை வாங்குவதற்கு முன்னால் உங்கள் சேகர ஆயரைப் போய்ப் பாருங்கள்.

தங்கை வீட்டார் சொல்வது அவர்கள் திருச்சபைக்குச் சரி. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 1024, திருமுழுக்குப் பெற்ற ஆணுக்கு மட்டுமே குருப்பட்டம் செல்லும் என்கிறது. அவர்களிடம் ஆயர் என்றால் மறைமாவட்டத்தின் தலைவர்; அவரே துணிந்து கொடுத்தாலும் அது பட்டமே ஆகாது. கொடுத்தவர், பெற்றவர் இருவருமே திருச்சபையிலிருந்து விலக்கப்படுவார்கள். இயேசு பன்னிரு ஆண்களையே திருத்தூதராகத் தேர்ந்தார், திருப்பலியில் குரு கிறிஸ்துவின் இடத்தில் நிற்கிறார், ஆகவே இதை மாற்றத் திருச்சபைக்கே அதிகாரம் இல்லை என்பது அவர்கள் வாதம். 1994-இல் இரண்டாம் ஜான் பால் இதையே உறுதியாக எழுதினார். தாய் மரியாளுக்கே அந்தப் பணி தரப்படவில்லை, ஆகவே இது பெண்ணைத் தாழ்த்துவது அல்ல என்றும் சேர்த்தார். இந்தச் சமாதானம் எல்லாப் பெண்களுக்கும் போதவில்லை என்பது வேறு கதை.

சி.எஸ்.ஐ.யில் 1976 முதலே பெண்களுக்கு ஆயர் அபிஷேகம் உண்டு. 2013-இல் நந்தியால் திருமண்டலத்துக்கு ஒரு பெண்ணே பேராயரானார். கிறிஸ்துவுக்குள் 'ஆணென்றும் பெண்ணென்றுமில்லை' என்ற கலாத்தியர் 3:28 இங்கே அடிப்படை. எதிர்ப்பவர்கள், பெண் உபதேசம் பண்ணப் பவுல் உத்தரவு கொடுப்பதில்லை என்னும் 1 தீமோத்தேயு 2:12-ஐக் காட்டுவார்கள். உங்கள் சபையிலும் யாராவது காட்டக்கூடும். பெண்கள் சபையில் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் அதே பவுல் 1 கொரிந்தியர் 11:5-இல் இயல்பாகவே எடுத்துக்கொள்கிறார், ரோமர் 16-இல் பெபேயாளின் ஊழியத்தைப் பாராட்டுகிறார் என்று மகள் பதில் சொல்லலாம்.

பலர் சறுக்குவது வேறு இடத்தில். பி.டி. என்ற இறையியல் பட்டம் படித்துவிட்டால் ஆயர் ஆகிவிடலாம் என்று நினைத்துச் சொந்தச் செலவில் சேர்ந்துவிடுகிறார்கள். படிப்பு தகுதி மட்டுமே. அழைக்க வேண்டியது திருமண்டலம். நீலகிரி கோவைத் திருமண்டலத்தில் வருகிறது. சேகரக் குழு பரிந்துரைத்து, திருமண்டலம் நேர்காணல் நடத்தி ஊழிய வேட்பாளராக ஏற்க வேண்டும். அதன்பிறகே மதுரை அரசரடி இறையியல் கல்லூரி போன்ற, இறையியல் பட்டங்களை வழங்கும் செராம்பூர் செனட்டில் இணைந்த இடத்தில் சேருங்கள். வயது வரம்பையும் அப்போதே விசாரித்துவிடுங்கள். ஊர்ப்பெயர் தெரியாத வேதாகமப் பள்ளிச் சான்றிதழை நம்ப வேண்டாம்.

படித்து முடித்ததும் முதலில் டீக்கன் பட்டம்தான். டீக்கன் பிரசங்கம் செய்யலாம், திருவிருந்தில் உதவலாம். அப்பம் பிட்டுத் திருவிருந்தை நடத்த முடியாது. ஒரே ஆயர் பல எஸ்டேட் கோயில்களுக்கு ஏறி இறங்கும் மலையில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். மகள் ஆயர் ஆன பிறகே அந்த மேசை அவளுடையது.

நேர்காணலிலேயே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: பெண் ஆயர்களுக்குச் சேகரம் தருகிறார்களா, விடுதி, பள்ளிப் பொறுப்போடு நிறுத்திவிடுகிறார்களா? மாற்றல் பேராயர் கையில். சமவெளிக்கும் போக வேண்டிவரும். மகளுக்கு வரன் பார்க்கும்போது அதையும் மாப்பிள்ளை வீட்டாரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.